நோட்டுப் படத்திலிருந்து தட்டச்சுக் குறிப்பு: பிளஸ் டூ இயற்பியல் பக்கம் ஒன்றை வைத்து ஒரு வழிகாட்டி

சென்ற ஆண்டு வகுப்புத் தேர்வு ஒன்றில், செம்புக் கம்பியின் மின்தடையைக் கணக்கிடச் சொல்லியிருந்தேன். விடை 0.17 ஓம். நன்றாகப் படிக்கும் மாணவி ஒருத்தி சூத்திரத்தைச் சரியாக எழுதி, மதிப்புகளையும் சரியாகப் போட்டுவிட்டு, கடைசி வரியில் 0.172 என்று முடித்திருந்தாள். அலகு எழுதவில்லை.

"இந்த 2 எங்கிருந்து வந்தது?" என்று கேட்டேன்.

"நோட்ஸில் அப்படித்தான் இருக்கிறது, டீச்சர்" என்றாள். மறுநாள் அச்செடுத்த தாளையும் கொண்டுவந்து காட்டினாள். அவள் சொன்னது உண்மைதான், தாளில் 0.172 என்றுதான் இருந்தது. நோட்டுப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். அதில் அவளே தன் கையால் 0.17 Ω என்று அழகாக எழுதியிருந்தாள். போனில் படம் எடுத்து எழுத்தாக மாற்றியபோது ஓம் குறியின் வளைவு 2 ஆகிவிட்டது. அந்தத் தாளை வைத்து 3 வாரம் படித்ததில் 0.172 மனதில் பதிந்துவிட்டது.

இதற்குப் பிறகுதான் மாணவர்களோடு உட்கார்ந்து இந்த வேலையை முறையாகச் செய்யத் தொடங்கினேன். எழுத்தாக மாற்றுவதற்குச் சில நிமிடங்கள் போதும். மாற்றியதைச் சரிபார்க்கத்தான் நேரம் வேண்டும், அந்த நேரத்தை எங்கே செலவிடுவது என்றும் தெரிந்திருக்க வேண்டும். மின்னோட்டவியல் பாடத்தின் ஒரே ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு தொடக்கம் முதல் முடிவு வரை சொல்கிறேன். வேதியியலுக்கும் கணக்குக்கும் இதே முறைதான்.

படம் எடுப்பதற்கு முன் பென்சில்

போனை எடுப்பதற்கு முன் கூர்மையான பென்சிலோ மெல்லிய கறுப்புப் பேனாவோ எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தை ஒருமுறை வாசித்து, அவசரத்தில் விட்டுப்போன புள்ளிகளை வையுங்கள். வகுப்பில் வேகமாக எழுதும்போது தமிழில் முதலில் விட்டுப்போவது மெய்யெழுத்தின் புள்ளிதான். "மின்னூட்டம்" என்று எழுதியதாக நினைப்போம். தாளில் இருப்பது "மினனூட்டம". நமக்குப் பழக்கத்தால் அது சரியாகவே படும். எழுத்துணரி மென்பொருள் இருப்பதை இருப்பதுபோலப் படிக்கும், அல்லது தானாக ஏதோ ஒரு சொல்லை ஊகிக்கும். இரண்டுமே நமக்கு ஆகாது.

அடுத்து அடுக்குக்குறிகளைப் பாருங்கள். 10⁻⁸ என்பதில் உள்ள சின்னக் கழித்தல் கோடு பல நோட்டுகளில் நீலக் கோட்டின் மீதே உட்கார்ந்திருக்கும். எழுதியவருக்கு அது தெரியும், படத்தில் தெரியாது. அதைக் கோட்டுக்குச் சற்று மேலே தள்ளி அழுத்தமாகப் போடுங்கள். ஓம் குறியின் இரண்டு பாதங்களும் தெளிவாக வெளியே நீண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு பக்கத்துக்கு 2 நிமிடம் ஆகும். இதைச் செய்யாமல் விட்டால் அதே பிழைகளைத் திரையில் தேடிப் பிடிக்க 10 நிமிடமாவது போகும்.

படம்

ஜன்னலோரப் பகல் வெளிச்சம் போதும். பிளாஷ் வேண்டாம், பளபளப்பான தாளில் அது நடுவே வெள்ளைத் திட்டை உண்டாக்கி, அங்கே உள்ள வரிகளைத் தின்றுவிடும். பென்சிலில் எழுதிய பக்கமாக இருந்தால் இன்னும் மோசம், கரித்தூளே மின்னும். உங்கள் கையின் நிழலும் போனின் நிழலும் தாளில் விழாத பக்கமாக நின்றுகொள்ளுங்கள்.

நோட்டுத் தாள்கள் மெல்லியவை. பின்பக்கத்து எழுத்து நிழலாகத் தெரியும், எழுத்துணரி அதையும் புள்ளி என்றும் கோடு என்றும் எடுத்துக்கொள்ளும். தாளின் அடியில் ஒரு கறுப்புச் சார்ட் அட்டையை வைத்துப் பாருங்கள், பின்பக்கத்து எழுத்து பெரும்பாலும் மறைந்துவிடும். வெள்ளைத் தாளை வைத்தால் பின்பக்க எழுத்து இன்னும் எடுப்பாகத் தெரியும். கறுப்புதான் வேண்டும்.

போனைத் தாளுக்கு நேர் மேலே, தாளுக்கு இணையாகப் பிடியுங்கள். ஒரு படத்துக்கு ஒரு பக்கம் மட்டும். நோட்டை விரித்து இரண்டு பக்கங்களைச் சேர்த்து எடுத்தால் நடுவில் தையல் இருக்கும் இடத்தில் வரிகள் வளைந்துபோகும். இடப்பக்க வரியின் முடிவோடு வலப்பக்க வரியின் தொடக்கம் ஒட்டிக்கொண்டு வருவதும் உண்டு. பக்கம் வளைந்தே நின்றால் ஓரங்களில் இரண்டு ஸ்கேல்களை வைத்து அழுத்துங்கள்.

எடுத்தவுடன் படத்தைப் பெரிதாக்கி, அதிலேயே மிகச் சிறிய குறி எதுவோ அதைத் தேடுங்கள். நம் பக்கத்தில் அது 10⁻⁸ மேலிருக்கும் கழித்தல் கோடு. அது உங்கள் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாவிட்டால் மென்பொருளுக்கும் தெரியாது, மறுபடி எடுங்கள்.

ஸ்கேன் செய்யும் செயலிகளில் கறுப்பு வெள்ளை வடிகட்டி ஒன்று இருக்கும். பக்கம் பளிச்சென்று அச்சடித்ததுபோல் ஆகிவிடுவதால் எல்லோருக்கும் அது பிடிக்கிறது. தமிழ்க் கையெழுத்துக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். மங்கலான மையில் வைத்த புள்ளியைக் கறை என்று எண்ணி அது துடைத்துவிடும். வண்ணப் படமாகவோ சாம்பல் நிறப் படமாகவோ வைத்துக்கொள்ளுங்கள்.

தோழியின் நோட்டை வாட்ஸ்அப்பில் வாங்குவதாக இருந்தால், படமாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு வரும். பெரிய எழுத்துகள் பிழைத்துக்கொள்ளும், கீழொட்டும் மேலொட்டும் குழம்பிவிடும்.

எழுத்தாக மாற்றுதல்

தமிழும் ஆங்கிலக் குறிகளும் கலந்த பக்கத்துக்கு நான் கூகுள் டிரைவையே பயன்படுத்துகிறேன். கணினியில் டிரைவைத் திறந்து, படத்தை ஏற்றி, அதன்மேல் வலது கிளிக் செய்து `Open with` என்பதில் `Google Docs` என்பதைத் தேர்ந்தெடுங்கள். சற்று நேரத்தில் புதிய ஆவணம் திறக்கும். மேலே உங்கள் படமும், அதன் கீழே எழுத்தும் இருக்கும். கோப்பு 2 எம்பிக்குள் இருக்க வேண்டும் என்று கூகுளின் உதவிக் குறிப்பு சொல்கிறது. போன் படம் அதைவிடப் பெரிதாக இருந்தால் மேசையும் ஓரமும் தெரியும் பகுதியை வெட்டி எடுங்கள், பெரும்பாலும் அதிலேயே அளவு குறைந்துவிடும். படம் தலைகீழாகவோ பக்கவாட்டிலோ இருந்தால் ஏற்றுவதற்கு முன்பே நேராக்கிவிட வேண்டும்.

கணினி இல்லாதவர்கள் போனிலேயே கூகுள் லென்ஸில் படத்தைத் திறந்து, எழுத்தைத் தேர்ந்தெடுத்து நகலெடுத்து ஓர் ஆவணத்தில் ஒட்டலாம். டெசராக்ட் என்ற இலவச மென்பொருளைச் சிலர் சொல்லக்கூடும். அச்சுப் புத்தகத்துக்கு அது நல்லது, கையெழுத்துக்காகச் செய்யப்பட்டதன்று.

கோப்புகளுக்குப் பெயர் வைப்பதில் சோம்பல் வேண்டாம். `phy02-p07.jpg` என்பதுபோல் பாட எண்ணும் பக்க எண்ணும் இருக்கட்டும். ஆவணத்துக்கும் அதே பெயர். ஒரு மாதம் கழித்து ஒரு வரியில் சந்தேகம் வந்தால் எந்தப் படத்தைத் திறக்க வேண்டும் என்று அப்போது தெரியும்.

ஆங்கிலக் கையெழுத்தை எழுத்துணரி படிக்கும் அளவுக்குத் தமிழ்க் கையெழுத்தைப் படிப்பதில்லை. எழுத்துகளைத் தனித்தனியாக எழுதுபவர்களுக்கு நன்றாகவே வருகிறது, சேர்த்து ஓட்டி எழுதுபவர்களுக்கு வருவதில்லை. முதல் 5 வரிகளைப் பாருங்கள். வரிக்கு 3 பிழைக்கு மேல் இருந்தால் திருத்திக்கொண்டு உட்காராதீர்கள். கூகுள் டாக்ஸில் `Tools` என்பதன் கீழ் `Voice typing` இருக்கிறது. மொழியைத் தமிழாக்கி, நோட்டைப் பார்த்து வாய்விட்டு வாசித்துவிடுங்கள். அது விரைவாக முடியும். குரலில் வந்த எழுத்துக்கும் கீழே சொல்லும் சரிபார்ப்பு தேவைதான்.

வந்தது என்ன

நம் பக்கத்தின் ஒரு பகுதி. மாற்றிய பிறகு திரையில் இப்படி வந்தது:

```
மின்நடை
ஒரு தம்பியின் மின்தடை அதன் நீளத்திற்கு நேர்த்தகவிலும்
குறுக்குவெட்டுப் பாப்பிற்கு எதிர்த்தகவிலும் இருக்கும்.
R = P1/A
செம்பு: P = 1.7 x 108 2m
l = 10 m, A = 106 m2
R = 0.172
```

நோட்டில் இருந்தது இது:

```
மின்தடை
ஒரு கம்பியின் மின்தடை அதன் நீளத்திற்கு நேர்த்தகவிலும்
குறுக்குவெட்டுப் பரப்பிற்கு எதிர்த்தகவிலும் இருக்கும்.
R = ρl/A
செம்பு: ρ = 1.7 × 10⁻⁸ Ω m
l = 10 m, A = 10⁻⁶ m²
R = 0.17 Ω
```

இரண்டையும் நிதானமாக ஒப்பிட்டுப் பாருங்கள். மேல் மூன்று வரிகளில் உள்ள பிழைகள் தமிழ்க் கையெழுத்தின் இயல்பால் வந்தவை. த, ந இரண்டும் கையெழுத்தில் நெருங்கியவை, எனவே தடை நடையாகிவிட்டது. க, த இரண்டும் அப்படியே, எனவே கம்பி தம்பியாகிவிட்டான். ரகரமும் துணைக்காலும் கையெழுத்தில் பெரும்பாலும் ஒன்றுதான், எனவே பரப்பு பாப்பு ஆனது. இந்தப் பிழைகள் கண்ணில் பட்டுவிடும். தம்பிக்கு மின்தடை எண் கிடையாது என்று யாருக்கும் தெரியும்.

கீழ் நான்கு வரிகள்தான் ஆபத்தானவை. அவற்றில் எதுவும் பார்வைக்குத் தவறாகத் தெரியவில்லை. ரோ என்ற கிரேக்க எழுத்து P ஆகியிருக்கிறது. இயற்பியலில் P என்பது திறனுக்கான குறி, ஆகவே அதுவும் பழகிய எழுத்தாகவே படும். நீளத்தைக் குறிக்கும் l இலக்கம் 1 ஆகியிருக்கிறது. பத்தின் அடுக்கில் இருந்த கழித்தல் குறி மறைந்து, அடுக்கும் கீழிறங்கி, 108 என்ற சாதாரண எண்ணாகிவிட்டது. ஓம் குறி ஓரிடத்தில் தனி 2 ஆகவும், மற்றோரிடத்தில் 0.17ஓடு ஒட்டிக்கொண்டு 0.172 ஆகவும் வந்திருக்கிறது. எழுத்துப்பிழை திருத்தி இவற்றில் ஒன்றையும் காட்டாது. 0.172 என்பது சரியான எண்தானே.

அதனால் சொற்களுக்கும் குறிகளுக்கும் ஒரே வாசிப்பு போதாது. வாக்கியத்தின் பொருளைத் தொடர்ந்து போகும் கண் குறிகளைத் தாண்டிப் போய்விடும். மூன்று தனித்தனிச் சுற்றுகளாகச் செய்யுங்கள்.

முதல் சுற்று: சொற்கள்

படத்தைத் திரையின் ஒரு பாதியிலும் எழுத்தை மறுபாதியிலும் வையுங்கள். இன்னும் நல்லது, நோட்டையே மேசையில் வைத்து, வாசிக்கும் வரிக்குக் கீழே ஸ்கேலை வைத்துக்கொள்வது. முதலில் நோட்டின் வரி, பிறகு திரையின் வரி. இந்த வரிசை மாறக் கூடாது. திரையை முதலில் வாசித்தால் அதில் உள்ள சொல் மனதில் நின்றுவிடும், நோட்டிலும் அதையே பார்ப்போம்.

பொருளுள்ள வேறொரு சொல்லாக மாறியவற்றைத்தான் இங்கே தேட வேண்டும். மின்புலம் என்பது மின்பலம் ஆகியிருக்கும். "ஒத்த மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்கும்" என்பது "விளக்கும்" என்று வந்திருக்கும். விதி வீதியாகும், நீளம் நீலமாகும், திசை தசையாகும். எகர ஏகாரக் குழப்பமும் ஒகர ஓகாரக் குழப்பமும் ஏராளமாக வரும். இரட்டைக் கொம்பின் மேற்சுழியை எழுதியவரே சரியாகச் சுழிக்காததுதான் பெரும்பாலும் காரணம்.

ஒரு பிழையைக் கண்டுபிடித்ததும் அதை மட்டும் திருத்திவிட்டுப் போய்விடாதீர்கள். ஒரே கை எழுதிய பக்கங்களில் அதே பிழை திரும்பத் திரும்ப வரும். கம்பி ஓரிடத்தில் தம்பி ஆகியிருந்தால் `Ctrl + F` அழுத்தி "தம்பி" என்று ஆவணம் முழுவதும் தேடுங்கள். ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரே அழுத்தில் மாற்றும் பொத்தானை நான் தொடுவதில்லை. "பலம்" என்பதையெல்லாம் "புலம்" என்று மாற்றினால், பலம் என்றே எழுதிய இடங்களும் கெட்டுவிடும்.

கண்ணால் பார்த்தே பிடிக்க முடியாத இரண்டு தமிழ்ப் பிழைகளையும் இங்கேயே தேடிவிடுங்கள். முதலாவது "துாரம்". பார்வைக்குத் "தூரம்" போலவே இருக்கும், ஆனால் உள்ளே து என்ற எழுத்தும் தனித் துணைக்காலும் இருக்கும். பின்னாளில் "தூரம்" என்று தேடினால் இந்த வரி அகப்படாது. தமிழில் உகரக் குறிக்குப் பின் துணைக்கால் ஒருபோதும் வராது, எனவே `ுா` என்று தேடினால் கிடைப்பதெல்லாம் பிழைதான். இரண்டாவது, தமிழ் இலக்கங்கள். ௧ என்பது க போலவும், ௨ என்பது உ போலவும், ௭ என்பது எ போலவும், ௮ என்பது அ போலவும் இருக்கும். எழுத்துணரி சில வேளை எழுத்துக்குப் பதில் இலக்கத்தைப் போட்டுவிடும். கூகுள் டாக்ஸில் `Ctrl + H` அழுத்தினால் வரும் பெட்டியில் ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்ற கட்டத்தில் டிக் போட்டு, இதைத் தேடுங்கள்:

```
[௦-௯]
```

இன்றைய இயற்பியல் குறிப்பில் தமிழ் இலக்கம் வர எந்தக் காரணமும் இல்லை. கிடைத்தவை எல்லாவற்றையும் உரிய எழுத்தாக மாற்றி அடியுங்கள்.

இரண்டாம் சுற்று: குறிகள் மட்டும்

இந்தச் சுற்றில் தமிழ் வாக்கியங்களை வாசிக்கவே வேண்டாம். நோட்டில் சூத்திரமோ எண்ணோ உள்ள ஒவ்வொரு வரிக்கும் பென்சிலால் ஓரத்தில் ஒரு சின்னக் கோடு போடுங்கள். நம் பக்கப் பகுதியில் சூத்திரமும் எண்ணும் உள்ள வரிகள் 4. திரையிலும் 4 இருக்க வேண்டும். எண்ணிக்கை குறைந்தால் எங்கோ ஒரு வரி முழுவதுமாக விட்டுப்போயிருக்கிறது. ஓரத்தில் சாய்வாக எழுதியவையும், பெட்டி போட்டு எழுதியவையும் அடிக்கடி விட்டுப்போகும்.

பிறகு சூத்திரங்களைத் திருத்த முயலாதீர்கள். அழித்துவிட்டு நோட்டைப் பார்த்து நீங்களே அடியுங்கள். `R = P1/A` என்பதில் எது சரி எது தவறு என்று யோசித்துக்கொண்டிருப்பதைவிடச் சில எழுத்துகளை அடிப்பது எளிது. பாதி திருத்திய சூத்திரத்தில் ஒரு பிழை ஒளிந்திருப்பதும் சாதாரணம். கூகுள் டாக்ஸில் மேலொட்டுக்கு `Ctrl + .`, கீழொட்டுக்கு `Ctrl + ,`. ரோவையும் ஓமையும் `Insert` பட்டியலின் சிறப்புக் குறிகள் பகுதியில் எடுக்கலாம். ஆவணத்தின் உச்சியில் ρ Ω ε θ λ μ π × ⁻ என்று ஒரு வரி எழுதி வைத்துக்கொண்டால், தேவைப்படும்போது அங்கிருந்து நகலெடுத்து ஒட்டிவிடலாம்.

எந்தக் குறி எதுவாக மாறும் என்பது சில பக்கங்களிலேயே பழகிவிடும். θ பூஜ்யமாகவோ Q ஆகவோ வரும். μ பெரும்பாலும் u ஆகும். அதனால் மைக்ரோ ஃபாரட் என்பது uF என்று நிற்கும். கடத்தும் எண்ணுக்கான σ இலக்கம் 6 ஆகிவிடும். பெருக்கல் குறி x என்ற எழுத்தாகும், சமன்பாட்டில் ஏற்கெனவே ஒரு x இருந்தால் பெரும் குழப்பம். வேதியியலில் H₂Oவின் கடைசி எழுத்து பூஜ்யமாகி H20 ஆகும். கோபால்ட்டைக் குறிக்கும் Co, கார்பன் மோனாக்சைடின் CO ஆகிவிடுவதும் உண்டு. அங்கே வாக்கியத்தைப் படித்தால்தான் எது என்று தெரியும்.

வீட்டில் யாராவது இருந்தால் துணைக்குக் கூப்பிடுங்கள். அச்சகங்களில் மெய்ப்பு பார்க்கும்போது ஒருவர் மூலத்தை வாசிக்க மற்றவர் அச்சுத்தாளைப் பார்ப்பது பழைய வழக்கம். தங்கை நோட்டைப் பார்த்து "ஒன்று புள்ளி ஏழு, பெருக்கல், பத்தின் அடுக்கு கழித்தல் எட்டு, ஓம் மீட்டர்" என்று ஒவ்வொரு குறியையும் பெயர் சொல்லி வாசிக்க வேண்டும், நீங்கள் திரையைப் பார்க்க வேண்டும். வாசிப்பவருக்குப் பாடம் தெரியாமல் இருப்பது நல்லதே. தெரிந்தவர் தாளில் இல்லாததையும் நினைவிலிருந்து சொல்லிவிடுவார்.

மூன்றாம் சுற்று: எண்களைக் கணக்குப் போடுங்கள்

எண்ணில் வந்த பிழையைப் பார்வையால் பிடிப்பதைவிடக் கணக்குப் போட்டுப் பிடிப்பது உறுதியானது. திரையில் உள்ள மதிப்புகளை அப்படியே எடுத்துக் கணிப்பானில் போடுங்கள். மாற்றியவுடன் வந்த எழுத்தில் இதைச் செய்திருந்தால் என்ன கிடைத்திருக்கும்? 1.7ஐ 108ஆல் பெருக்கி, 10ஆல் பெருக்கி, 106ஆல் வகுத்தால் ஏறத்தாழ 17.3. கீழே எழுதியிருக்கும் விடையோ 0.172. இரண்டும் ஒத்துவரவில்லை, ஆகவே உள்ளே எங்கோ பிழை. இந்த ஒரு நிமிட வேலையைச் செய்திருந்தால் அந்த மாணவி அன்றே கண்டுபிடித்திருப்பாள்.

திருத்திய மதிப்புகளைப் போடுங்கள். 1.7 × 10⁻⁸ × 10 ÷ 10⁻⁶ என்பது 0.17. விடையும் 0.17 Ω. ஒத்துவந்துவிட்டது.

அடுத்து அலகு. ஓம் மீட்டரை மீட்டரால் பெருக்கி, மீட்டரின் வர்க்கத்தால் வகுத்தால் ஓம் மிஞ்ச வேண்டும். மிஞ்சுகிறது. திரையில் `2m` என்று இருந்திருந்தால் இந்த இடத்தில் அலகே கிடைத்திருக்காது. விடையில் அலகு காணாமல் போயிருந்தால் அது கடைசி இலக்கத்துக்குள் புகுந்திருக்கிறதா என்று உடனே சந்தேகப்படுங்கள்.

மூன்றாவதாக, அளவு உலகத்தோடு பொருந்துகிறதா? 10⁻⁶ சதுர மீட்டர் என்பது 1 சதுர மில்லிமீட்டர், வீட்டில் விளக்குகளுக்கு இழுக்கும் சாதாரணக் கம்பியின் பருமன். அந்தக் கம்பி 10 மீட்டருக்கு 17 ஓம் தடை தந்தால், 5 ஆம்பியர் ஓடும்போது 85 வோல்ட் கம்பியிலேயே போய்விடும். அப்படி எந்த வீட்டிலும் நடப்பதில்லை. 0.17 ஓம் என்றால் ஒரு வோல்ட்டுக்கும் குறைவாகவே போகும். மாறிலிகளுக்கும் இதையே செய்யலாம். எலக்ட்ரானின் மின்னூட்டம் 1.6 × 10⁻¹⁹ கூலூம் என்பதில் கழித்தல் குறி விழுந்துவிட்டால், ஓர் எலக்ட்ரான் எந்த மின்னலும் எட்ட முடியாத மின்னூட்டத்தைச் சுமக்க வேண்டியிருக்கும்.

மாறிலிகளைப் பாடநூலோடும் ஒருமுறை ஒப்பிடுங்கள். இங்கே இரண்டு வகைப் பிழைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மென்பொருள் தவறாகப் படித்தது ஒரு வகை. அதை நோட்டைப் பார்த்துத் திருத்திவிடலாம். வகுப்பில் நீங்களே தவறாக எழுதிக்கொண்டது வேறு வகை. நோட்டிலும் திரையிலும் ஒன்றாக இருந்து, பாடநூலில் மட்டும் வேறாக இருந்தால் அது இந்த இரண்டாம் வகை. அதைச் சத்தமில்லாமல் மாற்றிவிடாதீர்கள். மஞ்சள் நிறம் பூசி, ஆசிரியரிடம் கேட்டபின் நோட்டிலும் திரையிலும் சேர்த்துத் திருத்துங்கள். நானே கரும்பலகையில் அவசரத்தில் தவறாக எழுதியதை ஒரு மாணவன் இப்படித்தான் கண்டுபிடித்துக் கொண்டுவந்தான். அடுத்த வகுப்பில் எல்லோருக்கும் திருத்திச் சொன்னேன்.

படிக்க முடியாத சொல் ஒன்று மிஞ்சினால் ஊகித்து நிரப்ப வேண்டாம். `[?]` என்று போட்டு வையுங்கள். ஒரு பக்கத்தில் எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்று தேடிப் பார்க்க அந்தக் குறி உதவும். ஒன்று மிஞ்சியிருந்தாலும் அந்தப் பக்கத்தைப் படிக்கும் கோப்பில் சேர்க்காதீர்கள்.

படிக்கும் கோப்பு

மாற்றிய ஆவணத்தையும் படிக்கும் ஆவணத்தையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். முதலாவதில் மேலே படம் இருக்கும், அதை அழிக்க வேண்டாம். மூன்று சுற்றும் முடிந்த பக்கத்தின் எழுத்தை மட்டும் நகலெடுத்து, பாடத்துக்கு ஒன்றாக இருக்கும் இரண்டாவது ஆவணத்தில் சேருங்கள். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் `p07` என்று நோட்டின் பக்க எண்ணை எழுதுங்கள். திருப்புதலின்போது ஒரு வரியில் சந்தேகம் வந்தால் நோட்டில் நேராக அந்தப் பக்கத்துக்குப் போகலாம்.

சரிபார்க்கும் அன்றே அதைப் பாடமாகவும் படித்துவிடலாம் என்று தோன்றும். அப்படிச் செய்தால் இரண்டுமே அரைகுறையாகும். பாடத்தின் பொருளில் மனம் போனதும் குறிகளைப் பார்ப்பது நின்றுவிடும். மாலையில் 3 பக்கம் சரிபாருங்கள், மறுநாள் காலையில் அவற்றைப் படியுங்கள். காலையில் படிக்கும்போது முந்தைய நாள் தப்பிய ஒன்றிரண்டு பிழைகள் அகப்படும். அவற்றைப் படிக்கும் கோப்பில் திருத்தும்போதே மாற்றிய ஆவணத்திலும் திருத்துங்கள். நோட்டின் அந்தப் பக்கத்தின் மேல் ஓரத்தில் தேதியையும் ஒரு சரிக்குறியையும் பென்சிலால் போட்டுவிடுங்கள். சரிக்குறி இல்லாத பக்கங்கள் எவை என்று நோட்டைப் புரட்டினாலே தெரிந்துவிடும்.